பேனா டேப்லெட்டா, திரை டேப்லெட்டா? ஓவிய மாணவர் வாங்குவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டியவை

கோலாலம்பூரில் அனிமேஷன், இலஸ்ட்ரேஷன், கிராஃபிக் டிசைன் படிக்கச் சேரும் பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே ஒரு டேப்லெட் வாங்கியாக வேண்டும். கடைக்குப் போனால் இரண்டு வகை இருக்கும். ஒன்று, திரை இல்லாத கறுப்புப் பலகை. அதைத்தான் பேனா டேப்லெட் என்கிறார்கள். அதன் மேல் பேனாவை நகர்த்துவோம், கோடு மடிக்கணினித் திரையில் விழும். கை ஓரிடம், கண் ஓரிடம். இன்னொன்று, பலகையே திரையாக இருப்பது. கோடு பேனா முனைக்குக் கீழேயே விழும். இதை இங்கே திரை டேப்லெட் என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

பெற்றோர் பலருக்கு ஒரு விஷயம் தெரிவதில்லை. திரை டேப்லெட் ஐபேட் மாதிரித் தனியாக இயங்காது. அது பேனா வேலை செய்யும் ஒரு மானிட்டர், அவ்வளவுதான். கணினியோடு இணைக்காவிட்டால் வெறும் கண்ணாடிப் பலகை. ஆக இரண்டில் எதை வாங்கினாலும் கணினி வேண்டும். அந்தக் கணினி எது, அதன் திரை எவ்வளவு பெரியது, எந்த மேசையில் இருக்கிறது, எந்தப் பையில் பயணம் போகிறது என்பதை வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். "திரை இருந்தால் நல்லா வரும், இல்லாவிட்டால் கஷ்டம்" என்று நண்பர்கள் சொல்வதை வைத்து எடுக்கக் கூடாது.

விலையைச் சொல்லிவிடுகிறேன். பத்து அங்குல அகலத்துக்கு வரைபரப்பு உள்ள ஹூயியோன், எக்ஸ்பி-பென் பேனா டேப்லெட்டுகள் சுமார் 200 முதல் 400 வெள்ளிக்குள் கிடைக்கும். வாக்கோமின் நடுத்தர அளவு அதைவிடக் கூடுதல். 13 அங்குலத் திரை டேப்லெட் என்றால் ஆயிரம் வெள்ளியை ஒட்டி ஆரம்பித்து மேலே போகும். தள்ளுபடி நாள்களில் ஏறி இறங்கும், ஆனால் இரண்டுக்கும் இடையில் மூன்று நான்கு மடங்கு வித்தியாசம் பெரும்பாலும் இருக்கும்.

முதல் படி: அளவுகோலை எடுத்துத் திரையை அளங்கள்

கடைக்குப் போகும் முன் வீட்டில் இதைச் செய்யுங்கள். உங்கள் மடிக்கணினித் திரையின் அகலத்தை மில்லிமீட்டரில் அளங்கள். சட்டத்தைச் சேர்க்காமல், படம் தெரியும் பகுதியை மட்டும். 15.6 அங்குல மடிக்கணினி என்றால் ஏறக்குறைய 345 மி.மீ. வரும். அதை டேப்லெட்டின் வரைபரப்பு அகலத்தால் வகுங்கள். கிடைக்கும் எண்தான் உங்கள் கை நகர்வு திரையில் எத்தனை மடங்காகப் பெரிதாகிறது என்பது.

வாக்கோம் இன்டுவோஸ் சிறியதன் வரைபரப்பு 152 மி.மீ. அகலம். 345-ஐ 152-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 2.3. கை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் கோடு 2.3 சென்டிமீட்டர் போகும். அதே வரிசையில் நடுத்தர அளவின் வரைபரப்பு 216 மி.மீ. அதற்கு 1.6 வரும். பத்து அங்குலப் பலகை, அதாவது 254 மி.மீ. என்றால் 1.4-க்கும் கீழே. திரை டேப்லெட்டில் இந்த எண் எப்போதும் 1 தான், ஏனென்றால் கோடு பேனாவின் அடியிலேயே விழுகிறது.

இதே சிறிய டேப்லெட்டை வீட்டில் இருக்கும் 24 அங்குல மானிட்டரில் மாட்டினால் கணக்கு மாறிவிடும். அந்தத் திரை 531 மி.மீ. அகலம். 152-ஆல் வகுத்தால் 3.5. விரலில் ஒரு மில்லிமீட்டர் நடுக்கம் வந்தால் திரையில் மூன்றரை மில்லிமீட்டர் நெளிவு. "பேனா டேப்லெட்டில் எனக்குக் கோடே நேராக வரமாட்டேங்குது" என்று சொல்லும் மாணவர்களில் பலர் இந்த இடத்தில்தான் மாட்டியிருக்கிறார்கள். திரை இல்லாததைக் குறை சொல்வார்கள். உண்மையில் பெரிய மானிட்டருக்குச் சிறிய பலகை போட்டிருப்பார்கள்.

என் அனுபவத்தில் இந்த எண் 2-க்குள் இருந்தால் கை வசதியாகப் பழகும். 2.5-ஐத் தாண்டினால் மணிக்கட்டு மட்டுமே வேலை செய்யும், முழங்கையிலிருந்து நீளமாக இழுக்கும் கோடுகள் வரவே வராது. ஓவிய வகுப்பில் தோளிலிருந்து வரையச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் அங்கே வீணாகிவிடும். அதனால் ஓவிய மாணவருக்குச் சிறிய அளவை நான் சிபாரிசு செய்வதே இல்லை. விலை குறைவு என்று அதை எடுத்துவிட்டு ஆறு மாதத்தில் இன்னொன்று வாங்குவதுதான் நடக்கிறது.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் அளவில் ஒரு கவனம் வேண்டும். சில கடைக்காரர்கள் பலகையின் மொத்த உடல் அளவைச் சொல்வார்கள். நமக்கு வேண்டியது பேனா வேலை செய்யும் வரைபரப்பின் அளவு. விளம்பரத்தில் தேடிப் பார்த்து, அந்த எண்ணைத்தான் வகுக்க வேண்டும்.

இரண்டாம் படி: மேசை, சுவிட்சு, பை

திரை டேப்லெட் வாங்கினால் மேசையில் மடிக்கணினிக்கு ஓர் இடம், அதற்கு முன்னால் சாய்மானத் தாங்கியில் டேப்லெட்டுக்கு ஓர் இடம் வேண்டும். கேபிள்களும் கூடும். பெரும்பாலான 13 அங்குல வகைகளில் ஒரே முனையிலிருந்து மூன்று கிளை பிரியும் கேபிள் வரும். ஒன்று படத்துக்கான எச்டிஎம்ஐ, ஒன்று பேனாத் தகவலுக்கான யுஎஸ்பி, ஒன்று மின்சாரத்துக்கான யுஎஸ்பி. மூன்றாவதை மடிக்கணினியிலேயே சொருகலாம் என்று கடையில் சொல்வார்கள். சில மடிக்கணினிகளில் ஓடும், சிலவற்றில் வெளிச்சத்தைக் கூட்டியதும் திரை மினுங்கி அணைந்துவிடும். அப்படி நடந்தால் டேப்லெட் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். 5 வோல்ட் 2 ஆம்பியர் கொடுக்கும் கைப்பேசி சார்ஜரில் அந்தக் கிளையைச் சொருகினால் சரியாகும். ஆனால் அதற்குச் சுவரில் இன்னொரு பிளக் வேண்டும். வாடகை அறையில் ஒரே சுவிட்சில் காற்றாடி, மடிக்கணினி, கைப்பேசி எல்லாம் ஓடும்போது இதுவும் ஒரு கேள்விதான்.

பேனா டேப்லெட்டுக்கு ஒரே கேபிள். மடியில் வைத்தும் வரையலாம், வகுப்பில் பக்கத்து மாணவருக்கு இடைஞ்சல் இல்லாமல் வரையலாம். எல்ஆர்டி-யில் நெரிசல் நேரத்தில் நிற்கும்போது பையில் மடிக்கணினியோடு ஒட்டி நிற்கும், அழுத்தினாலும் உடைய ஒன்றும் இல்லை. திரை டேப்லெட்டைத் தினமும் தூக்கிக்கொண்டு போவதாக இருந்தால் கண்ணாடிக்கு உறை, தாங்கி, கேபிள் கட்டு, சார்ஜர் எல்லாம் சேர்ந்து போகும். கேபிள் நுழையும் துளைதான் அதில் முதலில் தளரும் இடம். அடிக்கடி பிடுங்கிச் சொருகுகிறவர்களுக்கு அது ஒரு வருடத்திலேயே தொல்லை கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கழுத்தையும் சொல்ல வேண்டும். பேனா டேப்லெட்டில் கண் நேராகத் திரையைப் பார்க்கும், முதுகு நிமிர்ந்திருக்கும். திரை டேப்லெட்டோடு வரும் மடிப்புத் தாங்கி பெரும்பாலும் இருபது டிகிரி வரைதான் தூக்கும். நாலு மணி நேரம் அதன் மேல் குனிந்தால் பிடரி சொல்லிவிடும். திரை டேப்லெட் வாங்குகிறவர்கள் நன்றாக உயர்த்தும் தாங்கி ஒன்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும்.

மூன்றாம் படி: போர்ட்டைப் பாருங்கள் (திரை டேப்லெட் யோசிப்பவர்களுக்கு மட்டும்)

மடிக்கணினியில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் பிரச்சினை இல்லை. யுஎஸ்பி-சி மட்டும் இருந்தால், எல்லா யுஎஸ்பி-சி துளையும் படம் அனுப்பாது என்பதை நினைவில் வையுங்கள். துளைக்குப் பக்கத்தில் மின்னல் குறியோ D, P எழுத்துகள் சேர்ந்த குறியோ இருந்தால் படம் போகும். ஒன்றுமே இல்லாவிட்டால் மாடல் எண்ணைப் போட்டு நிறுவனத்தின் விவரப் பக்கத்தில் தேட வேண்டும். சார்ஜும் கோப்பும் மட்டும் அனுப்பும் துளையில் மாட்டினால் திரையில் No Signal என்று வந்து நிற்கும், எத்தனை கேபிள் மாற்றினாலும் மாறாது. மேக்புக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அதன் சி துளைகளில் படம் போகும். ஆனால் எச்டிஎம்ஐ துளை இல்லாத மேக்புக்கில், எச்டிஎம்ஐ கேபிளோடு வரும் டேப்லெட்டுக்கு ஓர் அடாப்டர் வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

என் அக்கா மகள் அனிமேஷன் டிப்ளோமாவில் சேர்ந்தபோது ஆயிரம் வெள்ளி ஒதுக்கியிருந்தார்கள். செந்தூலில் இன்னொரு பெண்ணோடு அறை எடுத்திருந்தாள். அவளுக்குத் திரை டேப்லெட் மேல்தான் ஆசை. "மாமா, கண்ணுக்கு நேரா வரைஞ்சாத்தானே தாள்ல வரையற மாதிரி இருக்கும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். வா, அளந்து பார்க்கலாம் என்றேன்.

மடிக்கணினி 15.6 அங்குலம், எச்டிஎம்ஐ உண்டு. ஆக மாட்டுவதில் சிக்கல் இல்லை. மேசை ஆழம் 45 செ.மீ. மடிக்கணினி அதில் 24 செ.மீ. எடுத்துக்கொண்டது. மீதி 21. 13 அங்குலத் திரை டேப்லெட்டின் உடல் ஆழம் ஏறக்குறைய 22 செ.மீ. தாங்கியில் சாய்த்தால் எப்படியோ விளிம்பில் நிற்கும், ஆனால் முழங்கை வைக்க இடம் இருக்காது. மடிக்கணினியின் விசைப்பலகை அதற்குப் பின்னால் மறைந்துபோகும். ஷார்ட்கட் அழுத்த எட்டி எட்டிப் பார்க்க வேண்டியதுதான். பத்து அங்குல பேனா டேப்லெட்டும் உடல் ஆழத்தில் ஏறக்குறைய அதே அளவுதான், இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதை மடியில் வைக்கலாம், பாதியை மேசைக்கு வெளியே நீட்டி வயிற்றில் சாய்க்கலாம். கண் எங்கே பார்க்கிறது என்பது மாறாது.

அடுத்து வேலை. முதல் செமஸ்டரில் உருவ வரைதலும் பொருள் வரைதலும் தாளில்தான். டிஜிட்டலில் வந்தது ஸ்டோரிபோர்டு, வண்ணம் தீட்டுதல், பின்னணிப் படங்கள். வண்ணம் தீட்டுவதில் கோடு சுத்தமாக விழுவதைவிட, பெரிய திரையில் முழுப் படத்தையும் ஒரே பார்வையில் பார்ப்பது முக்கியம். அங்கே 15.6 அங்குல மடிக்கணினித் திரைதான் 13 அங்குலத்தை ஜெயிக்கிறது. சுத்தமான மைக்கோடு இழுக்கும் வேலை இரண்டாம் வருடத்தில்தான் அதிகம் என்று பாடத்திட்டத்தில் இருந்தது.

மூன்றாவது, அவள் மடிக்கணினியில் ரேம் 8 ஜிபி. பெரிய கேன்வாஸில் பல லேயர் போட்டதும் தூரிகை கைக்குப் பின்னால் தாமதமாக வந்தது. இப்படித் தாமதம் வந்தால் பலர் டேப்லெட்டைத் திட்டுவார்கள். சோதித்துப் பார்ப்பது எளிது. அதே தூரிகையை ஒரு சின்ன, காலியான கேன்வாஸில் இழுத்துப் பாருங்கள். அங்கே உடனுக்குடன் வந்தால் குற்றம் கணினியுடையது. ஆயிரம் வெள்ளி போட்டு எந்த டேப்லெட் வாங்கினாலும் அது சரியாகாது.

ஆக, பத்து அங்குல பேனா டேப்லெட் ஒன்று, கூடுதல் பேனா முனைகள், மடிக்கணினியை உயர்த்தும் தாங்கி ஒன்று என்று எடுத்துக்கொண்டோம். மீதியை ரேம் கூட்டுவதற்கு வைத்துக்கொண்டாள். அவள் மேசையும் வேலையும் மாறினால் அப்போது திரை டேப்லெட்டை யோசிக்கலாம். அதுவரை இந்தப் பலகை உழைக்கும்.

இதே கணக்கு எல்லோருக்கும் இதே விடையைத் தராது. பினாங்கில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி பள்ளி நாளிலிருந்தே தாளில் மைப்பேனாவால் காமிக்ஸ் வரைகிறவன். வீட்டிலிருந்தே படிக்கப் போகிறான், அவனுக்கென்று அகலமான மேசை இருக்கிறது, எதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அவன் வேலையில் முக்கால்வாசி மைக்கோடு. கோடு தொடங்கும் புள்ளியிலும் முடியும் புள்ளியிலும் பேனா சரியாகப் போய் உட்கார வேண்டும். அந்த மாதிரிக் கைக்குத் திரை டேப்லெட்தான் சரி, பேனா டேப்லெட்டில் கோட்டை அழித்து அழித்து இழுப்பதில் நேரம் போய்விடும். அவனிடம் நான் திரை டேப்லெட்டையே வாங்கச் சொன்னேன்.

முடிவை எப்படி எடுக்கலாம் என்று கேட்டால், நான் இப்படிச் சொல்வேன். நிலையான மேசை இருக்கிறதா, வேலையில் பாதிக்கு மேல் கோட்டு வேலையா, போர்ட் சரியாக இருக்கிறதா? மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் திரை டேப்லெட். ஒன்றுக்கு "இல்லை" வந்தாலும் முதல் வருடத்துக்கு நடுத்தர பேனா டேப்லெட் போதும்.

நான்காம் படி: கடையில் கை வைத்துப் பாருங்கள்

கோலாலம்பூரில் என்றால் புக்கிட் பிந்தாங்கின் பிளாசா லோ யாட், பினாங்கில் என்றால் கொம்தார், பிராங்கின் மால் பக்கம் போகலாம். காட்சிக்கு வைத்திருக்கும் டேப்லெட்டில் வரைந்து பார்க்க விடும் கடையாகப் பாருங்கள். "8192 அழுத்த நிலை" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும். அதில் மயங்க வேண்டாம். 4096-க்கும் 8192-க்கும் கையில் வித்தியாசம் தெரியாது. கை உணர்வது, எவ்வளவு மெல்லத் தொட்டால் கோடு ஆரம்பிக்கிறது என்பதைத்தான். பேனாவின் சொந்தக் கனத்தை மட்டும் வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். கோடு விழாமல், அழுத்தியதும் திடீரென்று தடிமனாக வந்தால் முடி, இமை, நிழல் எல்லாம் வரைய அது கஷ்டம் கொடுக்கும்.

அடுத்து அளவுகோல் சோதனை. பையில் ஒரு பிளாஸ்டிக் அளவுகோல் கொண்டுபோங்கள், உலோகம் வேண்டாம். டேப்லெட்டின் மேல் சாய்வாக வைத்து, அதன் விளிம்போடு மிக மெதுவாகக் கோடு இழுங்கள். மென்பொருளில் கோட்டைச் சமன்செய்யும் வசதியை நிறுத்திவிட்டு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது உண்மையை மறைத்துவிடும். கோடு நேராக வந்தால் நல்லது. அலை அலையாகப் படி ஏறி இறங்கினால் பலகையின் உணரியில் குறை இருக்கிறது. வேகமாக இழுத்தால் இது தெரியவே தெரியாது. கவனமாக மெதுவாக வரையும்போதுதான், அதாவது நமக்குச் சுத்தமான கோடு மிகவும் வேண்டிய நேரத்தில்தான், இது தலை காட்டும்.

திரை டேப்லெட் என்றால் இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். பேனா முனையைத் திரையின் நாலு மூலைக்கும் கொண்டுபோங்கள். நடுவில் முனைக்கும் கர்சருக்கும் இடைவெளி இல்லாமல் இருந்து, மூலைகளில் ஓடிப்போகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் விலகினால் டிரைவரில் அளவுதிருத்தம் செய்யலாம், நிறைய விலகினால் வேண்டாம். அப்புறம் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையிலான இடைவெளி. கண்ணாடியும் திரையும் ஒட்டப்பட்ட வகையில் கோடு முனையிலேயே விழுவது போல் இருக்கும். ஒட்டாத மலிவு வகையில் தலையை ஆட்டினாலே கோடு முனையை விட்டுத் தள்ளித் தெரியும். அது வேண்டாம்.

நிறத்துக்கு, ஒரே படத்தை மடிக்கணினியிலும் டேப்லெட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பாருங்கள். தோல் நிறம் உள்ள புகைப்படம் சிறந்தது. இரண்டும் அச்சாக ஒத்துப்போகாது, அது சகஜம். தோல் பச்சையாகவோ நீலமாகவோ தெரிந்தால் மட்டும் யோசியுங்கள்.

இணையத்தில் வாங்குகிறவர்கள் உள்ளூர் வாரண்டி எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து நேராக வருவது சில வெள்ளி மலிவாக இருக்கும், பேனா கெட்டால் அங்கேயே திருப்பி அனுப்பச் சொல்வார்கள். பழையதை வாங்குவதென்றால் பேனா டேப்லெட்டில் மேற்பரப்பு நடுவில் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா, கேபிளை அசைத்தால் இணைப்பு விடுகிறதா, இந்த இரண்டும் போதும். பழைய திரை டேப்லெட்டை இயக்கிப் பார்க்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

ஐந்தாம் படி: முதல் நாளே செய்ய வேண்டிய அமைப்பு

டேப்லெட்டை மாட்டும் முன் நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போடுங்கள். வேறு நிறுவனத்தின் பழைய டிரைவர் கணினியில் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். இரண்டும் சேர்ந்திருந்தால் அழுத்தம் வேலை செய்யாமல் எல்லாக் கோடும் ஒரே தடிமனாக வரலாம்.

பேனா டேப்லெட்டில் ஒரு விஷயத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பல பலகைகளின் வரைபரப்பு 16-க்கு 10 என்ற விகிதம். ஏராளமான மடிக்கணினித் திரைகள் 16-க்கு 9. அப்படியே பொருத்தினால் பலகை முழுவதும் திரை முழுவதற்கும் இழுக்கப்படும். அகலம் ஒரு மடங்கில் பெரிதாகும், உயரம் வேறு மடங்கில் பெரிதாகும். இன்டுவோஸ் சிறியதையும் 15.6 அங்குலத் திரையையும் எடுத்தால், பலகையில் 50 மி.மீ. வட்டம் போட்டால் திரையில் ஏறக்குறைய 113 மி.மீ. அகலமும் 102 மி.மீ. உயரமும் உள்ள முட்டை வடிவம் வரும். கை சரியாக வரைந்தாலும் முகங்கள் கொழுக்கும். அதைப் பார்த்து மூளை கையைத் தப்பாகத் திருத்தப் பழகிக்கொள்ளும், பிறகு தாளில் வரையும்போது முகங்கள் ஒடுங்கும்.

கண்டுபிடிக்க, ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியைப் பலகையின் மேல் வைத்துப் பேனாவால் சுற்றி வரையுங்கள். திரையில் வட்டமாக வந்தால் சரி, முட்டையாக வந்தால் அமைப்பு தப்பு. வாக்கோம் டிரைவரில் Mapping பக்கத்தில் Force Proportions என்பதைத் தேர்ந்தால் தீர்ந்தது. மற்ற நிறுவனங்களின் டிரைவரிலும் வேலைப் பகுதியை அமைக்கும் பக்கத்தில் விகிதத்தைப் பூட்டும் வசதி இருக்கும். பலகையின் கீழ் ஓரத்தில் ஒரு பட்டை அளவுக்கு இடம் வேலை செய்யாமல் போகும், அது இழப்பே இல்லை. இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் பலகையை வரையும் மானிட்டருக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகையின் இடது பாதி ஒரு திரைக்கு, வலது பாதி இன்னொரு திரைக்கு என்று பிரிந்துவிடும்.

திரை டேப்லெட்டில் வரும் தொல்லை வேறு. பேனாவை டேப்லெட்டில் வைத்தால் கர்சர் மடிக்கணினித் திரையில் ஓடும். டிரைவர் தப்பான திரையைத் தேர்ந்திருக்கிறது, மானிட்டர் பட்டியலில் மாற்றினால் சரியாகும். விண்டோஸில் Win + P அழுத்தி Extend வைத்துக்கொண்டால் பார்த்து வரையும் மாதிரிப் படங்களை மடிக்கணினியிலும் ஓவியத்தை டேப்லெட்டிலும் வைத்து வேலை செய்யலாம். 13 அங்குலத்தில் மெனு எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும். Scale என்ற இடத்தில் 125 அல்லது 150 சதவீதம் வையுங்கள்.

மேக்கில் பேனா நகர்ந்தும் கோடு விழாவிட்டால், Privacy & Security பக்கத்தில் Accessibility, Input Monitoring இரண்டிலும் டிரைவருக்கு அனுமதி கொடுக்க வேண்டும்.

ஆறாம் படி: பேனா டேப்லெட்டில் முதல் இரண்டு மூன்று வாரம்

கண்ணும் கையும் பிரிந்திருப்பது முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும், ஆனால் தினமும் தொட வேண்டும். அந்த வாரங்களில் சுட்டியைத் தூக்கி ஒதுக்கிவிட்டு எல்லா வேலைக்கும் பேனாவையே பயன்படுத்துங்கள். கோப்பைத் திறப்பது, வலைப்பக்கம் பார்ப்பது எல்லாம். கர்சர் எங்கே போகும் என்பதைக் கை இப்படித்தான் கற்கும், ஓவியம் போட்டு அல்ல.

பயிற்சி ஒன்று போதும். திரையில் தூரத்தூரமாக இரண்டு புள்ளி வையுங்கள். பேனாவைத் தொடாமல் காற்றில் ஓரிரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரே இழுப்பில் இரண்டையும் சேருங்கள். தவறினால் அழிக்காமல் அதன் மேலேயே திரும்ப இழுங்கள். எந்தத் திசையில் தவறுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

அதில் ஒரு தவறு திரும்பத் திரும்ப வரும். கிடைக்கோடு போட்டால் எப்போதும் வலது பக்கம் ஏறிக்கொண்டே போகும், அல்லது இறங்கும். கை சரியில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நாம் தாளைச் சாய்த்து வைத்து எழுதிப் பழகியவர்கள், டேப்லெட்டையும் தெரியாமல் அப்படித் திருப்பி வைத்துவிடுகிறோம். தாளைத் திருப்பினால் கோடும் தாளோடு திரும்பும். டேப்லெட்டைத் திருப்பினால் திரை திரும்பாது. பலகையின் மேல் விளிம்பு திரையின் கீழ் விளிம்புக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள், இணையாக வைத்தும் கோடு ஒரே பக்கம் சாய்ந்தால், கோடு மட்டமாக வரும் வரை பலகையைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். சரியான கோணம் கிடைத்ததும் மேசையில் மாஸ்கிங் டேப்பால் மூலைகளைக் குறித்து வையுங்கள், தினமும் அதே இடத்தில் வைக்க உதவும்.

நம் ஊர் வெக்கைக்கு உள்ளங்கை வியர்த்துப் பலகையில் ஒட்டும், நீளக்கோடு நடுவில் தடுக்கும். இரண்டு விரல் மட்டும் மூடும் ஓவியக் கையுறை சில வெள்ளிதான், குளிர்சாதனம் இல்லாத அறையில் இரண்டு வகை டேப்லெட்டுக்கும் அது வேண்டும். சொரசொரப்பான பலகையில் பேனா முனையும் சீக்கிரம் தேயும். வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக இருந்த முனை ஒரு பக்கம் உளி மாதிரித் தட்டையாகி, ஓரம் நகத்தில் கூர்மையாகப் பட்டால் மாற்றிவிட வேண்டும். அந்த ஓரம்தான் பலகையிலும் கண்ணாடி மேல் ஒட்டிய படலத்திலும் கீறல் போடுவது. மாற்று முனைகளும் முனையைப் பிடுங்கும் சின்ன வளையமும் பெட்டியிலேயே, பல நேரம் பேனாத் தாங்கிக்குள், இருக்கும். பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன் அவற்றை எடுத்து வையுங்கள்.